எரிந்த வீட்டுக்குக் கணக்கு உண்டு, போன தூக்கத்துக்கு?

செஞ்சிக்கும் சீயமங்கலத்துக்கும் இடையில் ஒரு காலனி. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே ஒரு அக்கா இருக்கிறார். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் இரவில் ஊர்த்தெருவிலிருந்து வந்த கும்பல் அந்தக் காலனிக்குள் புகுந்தது. அக்கா மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் இரண்டு வயதுப் பிள்ளையோடு பதுங்கிக் கிடந்தார். பிள்ளை அழுதால் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கும்பல் போனது. விடிந்தது. இருவரும் பிழைத்தார்கள்.

பிழைத்தார்கள் என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஓட்டு வீடு போய் இப்போது கான்கிரீட் வீடு வந்துவிட்டது. பிள்ளை பள்ளிக்குப் போகிறது. ஆனால் இன்றைக்கும் சைலன்சர் கழற்றிய பைக் ஒன்று இரவில் அந்தப் பக்கம் போனால் அக்காவின் உடம்பு விறைத்துவிடும். "சத்தம் கேட்டா என் கை தானா புள்ள வாய்க்கிட்ட போவுது தம்பி. புள்ளைக்கு இப்ப ஒம்பது வயசு. அவன் தூங்கிட்டு இருப்பான். நான் போய் வாயப் பொத்துவேன்" என்றார். அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி, இதை எழுதுகிறேன்.

காலனியில் இதற்கு இரண்டு விளக்கங்கள் வைத்திருந்தார்கள். பேய் பிடித்திருக்கிறது என்பது ஒன்று. பயந்த சுபாவம் என்பது இன்னொன்று. இயக்கத்தில் இருக்கும் நம்மிடமும் ஒரு விளக்கம் இருந்தது, அது இந்த இரண்டையும்விட மோசமானது. "அக்காவுக்கு இன்னும் அரசியல் தெளிவு வரலை. வந்தா பயம் போயிடும்" என்று நானே சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரை முதலில் அந்த வாய்க்கு எதிரானது.

அது பயந்த சுபாவம் அல்ல

அக்காவுக்கு இருப்பதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. பி.டி.எஸ்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியது. அதுவும் சும்மா ஏறவில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அவர்களோடு நின்ற மருத்துவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு ஏறியது. சிப்பாய்க்கு வந்தால் அது நோய், நம் தெருவில் வந்தால் அது பேய். இந்த வித்தியாசத்தை முதலில் கவனியுங்கள்.

இது வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான்கு பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று, நடந்தது கூப்பிடாமலே திரும்பி வருவது: கெட்ட கனவு, பட்டப்பகலில் திடீரென்று அங்கேயே நிற்பது போன்ற உணர்வு. இரண்டு, அதை நினைவூட்டும் எல்லாவற்றையும் தவிர்ப்பது. அக்கா ஏழு வருடமாக அந்த மாட்டுக்கொட்டகைப் பக்கம் போகவில்லை. வைக்கோல் வாசம் ஆகாது என்று மாட்டையே விற்றுவிட்டார். மூன்று, மனசும் எண்ணமும் இருண்டுபோவது: என் மேல்தான் தப்பு, யாரையும் நம்ப முடியாது, எதிலும் ஒட்டுதல் இல்லை. நான்கு, உடம்பு எப்போதும் காவலுக்கு நிற்பது: தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, எரிந்துவிழுவது. இந்த நான்கும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் கெடுக்கிறது என்றால் அது பி.டி.எஸ்.டி. முதல் சில வாரங்களில் இப்படி இருப்பது யாருக்கும் இயல்பு. கொடுமையைக் கண்ட எல்லோருக்கும் இந்த நோய் வருவதும் இல்லை. பெரும்பாலோர் மெல்ல மீண்டுவிடுகிறார்கள். மீளாதவர் கோழை என்று அதற்குப் பொருள் இல்லை.

ஆண்களிடம் இது வேறு முகத்தில் நிற்கும். தூக்கம் வராதவன் தூங்குவதற்காகக் குடிக்கிறான். சாராயம் உடம்பின் காவலைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கும், விடிந்தால் இரண்டு மடங்காக ஏற்றும். மறுபடி குடிக்க வேண்டும். "சேரியென்றால் குடிதான்" என்று சிரிக்கிறவர்கள் அந்தத் தெருவில் எத்தனை இரவுகள் எரிந்தன என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்களா?

மூளைக்குள் என்ன நடக்கிறது

காதுக்குச் சற்று மேலே, மண்டைக்கு உள்ளே ஆழத்தில், இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. நரம்பியலாளர் ஜோசஃப் லெடூ எலிகளை வைத்து ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார். காதில் விழும் சத்தம் அமிக்டலாவுக்குப் போக இரண்டு பாதை உண்டு. ஒன்று குறுக்கு வழி. அது வேகமானது, ஆனால் தோராயமானது. மற்றது, மூளையின் மேற்பகுதி வழியாகச் சுற்றிப் போவது. அது மெதுவானது, ஆனால் என்ன சத்தம் என்று தெளிவாகப் பார்த்துச் சொல்வது. பைக் சத்தம் கேட்டதும் அக்காவின் கை போவது குறுக்கு வழியில். "அது பால்காரர் வண்டி" என்ற செய்தி சுற்றுவழியில் வந்து சேருவதற்குள் இதயம் படபடத்து, கை பிள்ளையின் வாயில் இருக்கும். இதில் அரசியல் தெளிவுக்கு எங்கே இடம்? தெளிவு வந்து சேருவதே இரண்டாவது வண்டியில்தான்.

அமிக்டலாவை அடக்கி உட்கார வைக்க இரண்டு பேர் உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி "போதும், ஆபத்து இல்லை" என்று கட்டளை போடும். ஹிப்போகேம்பஸ் என்ற இன்னொரு பகுதி நிகழ்வுகளுக்கு இடமும் தேதியும் போட்டு அடுக்கி வைக்கும். இது அன்றைக்கு, அந்தக் கொட்டகையில் நடந்தது, இது இன்றைக்கு, இந்த வீட்டில் நடக்கிறது என்று பிரித்துச் சொல்வது அதுதான். பி.டி.எஸ்.டி. உள்ளவர்களிடம் கட்டளை வலுவிழந்திருக்கிறது, அமிக்டலா தூக்கலாக வேலை செய்கிறது என்று பல மூளைப்பட ஆய்வுகள் காட்டுகின்றன.

பெரும் பயத்தின் நடுவில் பதியும் நினைவு சாதாரண நினைவு மாதிரி பதிவதில்லை. நோர்அட்ரினலின் போன்ற சுரப்புகள் வெள்ளமாகப் பாய்கின்றன. வாசம், சத்தம், தோலில் பட்டது எல்லாம் ஆழமாகச் செதுக்கப்படுகின்றன. ஆனால் முதலில் எது, பிறகு எது என்ற வரிசையும், எங்கே எப்போது என்ற சீட்டும் சரியாக ஒட்டப்படுவதில்லை. சீட்டு ஒட்டாத நினைவுக்குத் தான் பழையது என்று தெரியாது. அதனால்தான் அது ஞாபகமாக வராமல், இப்போதே நடப்பதாக வருகிறது. அக்கா அந்த இரவை நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த இரவுக்குள் விழுந்து எழுகிறார்.

ஏழு வருடம் ஆகியும் ஏன் அடங்கவில்லை? ஆபத்து இல்லை என்று அமிக்டலா கற்றுக்கொள்ள ஒரே வழி, பயந்த ஒன்றின் எதிரில் போதுமான நேரம் நின்று, ஒன்றும் நடக்கவில்லை என்று உடம்பாலேயே காண்பது. அக்கா கொட்டகைப் பக்கம் போவதில்லை. அந்த இரவு நினைவுக்கு வந்தால் உடனே எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார். பயம் உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் ஓடிவிடுவதால், "ஓடியதால் பிழைத்தேன்" என்பதையே மூளை ஒவ்வொரு முறையும் கற்கிறது. "மறந்துடு, நினைக்காத" என்று உறவுக்காரர்கள் அன்போடு சொல்வது இந்தக் கண்ணியைத்தான் இறுக்குகிறது.

நாம் சொல்ல வைப்பதும் சிகிச்சையும் ஒன்றல்ல

"அப்படியானால் பேச வைக்க வேண்டியதுதானே? நாம்தான் பேச வைக்கிறோமே" என்று தோழர்கள் கேட்கலாம். ஆம், பேச வைக்கிறோம். எப்படி என்று பார்ப்போம்.

சம்பவம் நடந்த மறுநாள் உண்மை அறியும் குழு போகிறது. அதற்கடுத்த நாள் இன்னொரு இயக்கத்தின் குழு. பிறகு தொலைக்காட்சி, பிறகு ஆணையம், பிறகு பல்கலைக்கழக ஆய்வு மாணவர். ஒவ்வொருவரும் கேட்பது அந்தப் பத்து நிமிடத்தை மட்டும்தான். அவர் அழ ஆரம்பித்ததும் கேமரா நெருங்குகிறது. பயமும் அழுகையும் உச்சத்தில் இருக்கும்போது, "சரிம்மா, தைரியமா இருங்க" என்று வண்டி ஏறிவிடுகிறோம். உச்சத்தில் விட்டுவிட்டுப் போவது என்பது தவிர்த்து ஓடுவது போலத்தான் மூளைக்கு. கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை, மறுபடி ஒரு முறை சுட்டதுதான் மிச்சம்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் அல்ல. விபத்தோ கலவரமோ நடந்தவுடன் பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் செய்வது ஒரு காலத்தில் உலகெங்கும் வழக்கமாக இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது என்று தெரிந்தது. இப்போது அதைச் செய்யாதீர்கள் என்பதே வழிகாட்டுதல். முதல் நாட்களில் வேண்டியது பாதுகாப்பு, சாப்பாடு, படுக்க இடம், காணாமல் போன உறவுகள் பற்றிய தகவல், அவர் பேச விரும்பினால் கேட்க ஒரு காது. அவ்வளவுதான். அந்த நாட்களில் தூக்கமாத்திரைச் சீட்டு எழுதுவதையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல் ஏற்பதில்லை. முதல் மாதத்தில் பென்சோடையசிபின் வகை மாத்திரைகளை இதற்குத் தரக்கூடாது என்கிறது. நம் அக்காவுக்கு ஒரு மருத்துவமனையில் கிடைத்தது அந்த மாத்திரை மட்டும்தான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கண்காணிப்புக் கேமராவில் பதிந்த அந்தக் காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஓட்டின. நாமும் கோபத்தோடு வாட்ஸப்பில் பகிர்ந்தோம். கோபம் நியாயம். ஆனால் அந்தக் காட்சி யாருடைய கைப்பேசிகளில் எல்லாம் போய் விழும் என்று யோசித்தோமா? ஏற்கெனவே இப்படி ஒரு மகனையோ தம்பியையோ இழந்த எத்தனை வீடுகள் அந்தப் பட்டியலில் இருந்திருக்கும்?

சிகிச்சை எப்படி நடக்கிறது

சரியான சிகிச்சையில் சொல்லுதல் வேறு மாதிரி நடக்கிறது. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிகிச்சைகள் சில வகை உண்டு. அதிர்ச்சி சார்ந்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, கண்ணசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர். ஆகியவை பரவலாகத் தெரிந்தவை. நம்மைப் போல் ஒன்றல்ல, பல கொடுமைகளைத் தொடர்ந்து சந்தித்த மக்களுக்காகவே உருவானது 'நரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி', சுருக்கமாக 'நெட்'. அதன் வேர்களில் ஒன்று, சிலி நாட்டின் ராணுவ ஆட்சியில் சித்திரவதைக்கு ஆளானவர்களின் சாட்சியத்தைப் பதிவுசெய்தபோது அந்தப் பதிவே அவர்களை ஆற்றியதைக் கண்டு, 1983இல் எழுதப்பட்ட முறை.

அக்காவுக்கு இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஓர் உளவியலாளர் கிடைத்தார். முதல் அமர்வில் அவர் சம்பவத்தைக் கேட்கவே இல்லை. மூளை ஏன் இப்படிச் செய்கிறது என்று விளக்கினார். அடுத்த அமர்வில் ஒரு கயிற்றைத் தரையில் நீளமாக விரித்தார். "இது உங்க வாழ்க்கை. பிறந்ததுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும். நல்லது நடந்த இடத்துல பூ வைங்க, கெட்டது நடந்த இடத்துல கல்லு வைங்க." அக்கா முதலில் கல் எடுத்தார். வைத்தது நவம்பர் இரவில் அல்ல. ஏழு வயதில் ஊர்த்தெருக் கிணற்றில் தண்ணீர் மொண்டதற்காக அடிவாங்கிய நாளில். அப்புறம் பூ, பத்தாம் வகுப்பு பாஸ். அப்புறம் கல். அப்புறம் கல்யாணத்துக்குப் பூ, பிள்ளைக்குப் பூ. கயிற்றில் பெரிய கல் நவம்பரில் விழுந்தது. அந்த இரவு தன் வாழ்க்கை முழுக்க இல்லை, கயிற்றில் ஓர் இடத்தில் இருக்கிறது என்று அவர் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம். பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். கல் வரும் இடத்தில் வேகம் குறையும். என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டது, என்ன வாசம், உடம்பில் எங்கே என்ன செய்தது, அப்போது மனசில் என்ன ஓடியது என்று ஒவ்வொன்றாக. இடையிடையே இன்றைக்கு இழுத்து வருவார்: "இப்ப கை நடுங்குது, தெரியுதா? அன்னைக்கும் இப்படித்தான் நடுங்குச்சா? இப்ப இந்த ரூம்ல யார் இருக்காங்க?" அன்றும் இன்றும் இப்படி மாறிமாறித் தொடும்போதுதான் அந்த நினைவில் இடமும் தேதியும் ஒட்டுகின்றன. பயத்தைப் பூச்சியத்திலிருந்து பத்து வரை எண்ணால் சொல்லச் சொல்வார். ஒன்பதில் இருக்கும்போது அமர்வை முடிக்கவே மாட்டார். சொல்லிச் சொல்லி அது நான்குக்கோ மூன்றுக்கோ தானாக இறங்கும்வரை கூடவே இருப்பார். நம் உண்மை அறியும் குழுவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

மெதுவாகச் சொல்லும்போது ஒன்று நடந்தது. "புள்ள மூச்சு முட்டிச் செத்திருந்தா நான்தான் கொன்னிருப்பேன்" என்பதே ஏழு வருடமாக அக்காவைத் தின்றது. கொட்டகை நிமிடங்களை ஒவ்வொரு விநாடியாக நகர்த்தியபோது, உளவியலாளர் கேட்டார்: "கை எப்படி இருந்துச்சு?" அக்கா கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் மூக்குக்குக் கீழே வளைந்திருந்தன. மூக்கை விட்டுவிட்டு வாயை மட்டும் பொத்தியிருந்தார். பிள்ளையின் மூச்சு தன் விரலில் சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தது என்று அப்போதுதான் சொன்னார். அந்தச் சூடு ஏழு வருடமாக அவர் கையில் இருந்திருக்கிறது, கதையில்தான் இல்லை.

ஒவ்வொரு அமர்விலும் சொன்னதை உளவியலாளர் எழுதிக்கொண்டு வந்து அடுத்த முறை படித்துக் காட்டுவார், அக்கா திருத்துவார். பத்தாவது அமர்வில் முழு வாழ்க்கைக் கதையையும் படித்து, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பிரதி அக்காவிடம் இருக்கிறது. யாரிடம் காட்டுவது என்று அவர்தான் முடிவு செய்வார்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கும் நகரத்தவர்களுக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2004 சுனாமிக்குச் சில வாரங்களில், ஈழத்தில் ஒரு முகாமில், போரையும் கடலையும் ஒருசேரக் கண்ட 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை தந்தார்கள். ஒரு குழுவுக்குப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றிய நெட், இன்னொரு குழுவுக்குத் தியானமும் உடல் தளர்த்தலும், ஆளுக்கு 6 அமர்வுகள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்து நெட் குழுவில் 81 விழுக்காட்டினரும் தியானக் குழுவில் 71 விழுக்காட்டினரும் மீண்டிருந்தார்கள். நேர்மையாகச் சொன்னால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, குழுவும் சிறியது. ஆனால் ஒன்று தெளிவு: நம்மவர்கள் நம் மொழியில், கூடாரத்தில் உட்கார்ந்துகூட இதைச் செய்ய முடியும்.

உத்தரப் பிரதேசத்தில் வாரணாசியை மையமாகக் கொண்ட பி.வி.சி.ஹெச்.ஆர். என்ற மனித உரிமை அமைப்பு, டென்மார்க்கின் சித்திரவதைக்கு எதிரான மறுவாழ்வு மையத்தோடு சேர்ந்து இன்னொரு வழியை எடுத்தது. காவல் சித்திரவதைக்கு ஆளானவர்களின் சாட்சியத்தைச் சமூகப் பணியாளர்களே சில அமர்வுகளில் எழுதி, பிறகு ஊர் கூடிய விழாவில் அதைப் படித்து, அவர்களைக் கௌரவித்தார்கள். முதல் முயற்சியில் 23 பேர் இருந்தார்கள், பெரும்பாலோரின் மனநலம் மேம்பட்டது. ஒப்பிட வேறு குழு இல்லாததால் இதை முடிந்த முடிவாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அவமானத்தைத் தெருவில் கொடுத்தவர்களுக்குத் தெருவிலேயே மரியாதையால் பதில் சொன்ன அந்த விழா நாம் கற்க வேண்டியது.

எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். சிகிச்சை நினைவை அழிப்பதில்லை. பழைய பயத்தின் மேல் "இப்போது ஆபத்து இல்லை" என்ற புதிய பாடத்தை எழுதுகிறது, அவ்வளவுதான். புதிய இடத்தில், புதிய அதிர்ச்சியில் பழையது தலைதூக்கலாம். எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. சிலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவருக்கும், குடியில் மூழ்கியவருக்கும் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். செர்ட்ரலின் போன்ற மருந்துகள் சிலருக்கு ஓரளவு உதவும். முக்கியமாக, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கயிறும் கல்லுமாக எந்தத் தோழரும் கிளம்பக் கூடாது. பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் கல்லைத் தூக்கினால் விழுவது அவர் காலில் அல்ல, அந்த அக்காவின் தலையில்.

ஆபத்து முடிந்துவிட்டதா?

இங்கேதான் என் வாதத்தின் மையம். "இப்போது ஆபத்து இல்லை" என்பதுதான் சிகிச்சையின் பாடம். அது பொய்யாக இருந்தால்?

அக்காவுக்கு அந்தப் பத்து அமர்வுகளுக்குப் பிறகு தூக்கம் வந்தது. கை பிள்ளையின் வாய்க்குப் போவது நின்றது. நான்கு மாதம் கழித்து, வழக்கின் முக்கியக் குற்றவாளி மாலையும் பட்டாசுமாகக் காலனி வழியே பைக்கில் போனான். அன்று இரவு எல்லாம் திரும்பி வந்தது. இதைச் சிகிச்சையின் தோல்வி என்று எழுதினால் அது அயோக்கியத்தனம். அமிக்டலா அன்று சரியாகத்தான் வேலை செய்தது. தோற்றது அரசு. மேலும் இரண்டு அமர்வுகளும், நாங்கள் மனுப் போட்டு வாங்கிய காவலும் சேர்ந்துதான் அவரைத் திரும்ப நிறுத்தின.

பாதுகாப்பு என்பது மருந்துச்சீட்டின் முதல் வரி. அதற்குச் சட்டமும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் முழுப் பாதுகாப்பு, பயணச் செலவு, சமூகப் பொருளாதார மறுவாழ்வு, தேவையென்றால் இடமாற்றம் ஆகியவற்றைச் சிறப்பு நீதிமன்றத்தின் கடமையாக்குகிறது. குற்றப்பத்திரிகை வந்த பின் கூடுமானவரை இரண்டு மாதத்தில் வழக்கை முடிக்கச் சொல்கிறது 14ஆம் பிரிவு. நடப்பது என்ன? வாச்சாத்தியில் 1992 சூனில் அரசு ஊழியர்களின் வெறியாட்டத்துக்கு ஆளான பழங்குடிப் பெண்கள் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பைக் கேட்க 2011 செப்டம்பர்வரை காத்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். ஒவ்வொரு வாய்தாவும் ஒரு கல்.

நீதிமன்றத்தில் இன்னொரு கொடுமை நடக்கிறது. வரிசை குலைந்து பதிந்த நினைவை வைத்து, "அன்னைக்கு ஆறு பேருன்னு சொன்னே, இன்னைக்கு எட்டுங்கிறே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்குகிறார். சாட்சியின் மனம் வீடியோ கேமரா அல்ல, சின்ன முரண்களை வைத்து சாட்சியத்தைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983இலேயே பர்வாடா போகின்பாய் வழக்கில் சொல்லிவிட்டது. சட்டம் படிக்கும் தோழர்கள் அந்தத் தீர்ப்போடு இந்த நோயின் அறிவியலையும் சேர்த்துப் படியுங்கள். முரண் பொய்யின் அடையாளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, காயத்தின் அடையாளமாகவும் இருக்கலாம் என்று வாதாட உங்களால்தான் முடியும்.

2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. வீட்டைக் கணக்கெடுத்தார்கள், பாத்திரத்தையும் பீரோவையும் கணக்கெடுத்தார்கள். வன்கொடுமை விதிகளின் நிவாரண அட்டவணையில் குற்றத்துக்கு ஏற்ப 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 ரூபாய்வரை எண்கள் இருக்கின்றன. அன்று இரவு குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடியவர்களின் தூக்கத்துக்கு எந்தப் படிவத்தில் இடம் இருந்தது?

எனவே கேட்பது மூன்று. ஒவ்வொரு வன்கொடுமை வழக்கிலும், சம்பவம் நடந்து ஒரு மாதம் கழித்து, அந்தத் தெருவில் ஒவ்வொருவரையும், குழந்தைகளையும் சேர்த்து, பி.டி.எஸ்.டி. இருக்கிறதா என்று பரிசோதிப்பதை மாவட்ட மனநலத் திட்டத்தின் கடமையாக்க வேண்டும். 15ஏ பிரிவு சொல்லும் மறுவாழ்வில் அதிர்ச்சிக்கான சிகிச்சையை எழுத்தில் சேர்க்க வேண்டும். அதைச் செய்வதற்கு நம் தெருக்களிலிருந்தே செவிலியர்களையும் ஆசிரியர்களையும் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் மேற்பார்வையும் தர வேண்டும். இது சலுகை இல்லை. மனநலச் சிகிச்சை ஒவ்வொருவரின் உரிமை, அதில் சாதியின் பேரால் பாகுபாடு கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 18ஆம் பிரிவில் சொல்கிறது. அவசரத்துக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அது சிகிச்சைக்கு ஈடல்ல, ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு குரல்.

நமக்கும் ஒன்று இருக்கிறது. அடுத்த உண்மை அறியும் குழுவில் போகும்போது, ஒருவரிடம் ஒரு முறை மட்டும், ஒருவர் மட்டும் கேளுங்கள். கேட்டதை மற்ற இயக்கங்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள், அவரைப் பகிராதீர்கள். சொல்ல மறுத்தால் விடுங்கள். அழுதால் கேமராவை அணைத்துவிட்டு, அடங்கும்வரை உட்காருங்கள். ஒரு மாதம் கழித்து, கேட்க எதுவும் இல்லாமல், சும்மா போய்ப் பாருங்கள்.

சீயமங்கலத்தில் பல்லவ மகேந்திரவர்மன் குடைந்த கோயிலில், ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அவன் பெயர் கல்லில் இருக்கிறது. அரசனின் நினைவைப் பாறை சுமக்கிறது. 1978 சூலையில் விழுப்புரத்தில் கொல்லப்பட்ட 12 தலித்துகளின் நினைவை யார் சுமக்கிறார்கள்? தப்பிப் பிழைத்தவர்களின் உடம்பு சுமக்கிறது, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, இரவுதோறும். அந்தச் சுமையைப் பங்கிட ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவர்களைத் தனியே தூக்கச் சொன்னால், பயந்த சுபாவம் யாருடையது?

அக்கா போன மாதம் ஒரு கன்றுக்குட்டி வாங்கியிருக்கிறார். கொட்டகைக்கு அவரே வைக்கோல் போட்டார்.